கடலை மிட்டாய்: கடைசி 17 டிகிரி

ஆறிய கடலை மிட்டாயின் மூலையைப் பிடித்து அழுத்தினால் வளையாமல் டக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தில் பாகு பளபளப்பாகத் தெரிய வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவந்த ஒரு தட்டின் பதிவு இது. அளவு: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 500 கிராம், வெல்லம் 350 கிராம், தண்ணீர் 90 மில்லி, நெய் ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி.

ஒப்பிடுவதற்கு இன்னொரு தட்டும் உண்டு. அதே கடலை, அதே வெல்லம், அதே வாணலி; பாகை 147 டிகிரி செல்சியஸுக்குப் பதில் 138 டிகிரியில் இறக்கியது. போட்ட அன்று அதுவும் ஒடிந்தது, பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மறுநாள் காலையில் கையால் வளைத்தால் வளைந்துகொடுத்தது, கடித்தால் கடைவாயில் அப்பிக்கொண்டது. ஒன்பது டிகிரியில் இவ்வளவு மாறும் என்பதால் பாகின் கடைசிக் கட்டத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மற்றவை சுருக்கம்தான்.

கடலை

தோலோடு இருக்கும் பச்சை நிலக்கடலை 550 கிராம் எடுத்தால், வறுத்துத் தோல் போக 500 கிராம் தேறும். அடிகனமான வாணலியில் சிறு தீயில் 15 நிமிடம், கை விடாமல் கிளற வேண்டும். தோல் வெடித்துக் கையில் தேய்த்தால் கழன்றுவர வேண்டும். உடைத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக இல்லாமல் இளம் பொன்னிறமாக இருக்க வேண்டும். தீயைக் கூட்டி 7, 8 நிமிடத்தில் முடித்தால் வெளியே கறுத்துவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். அப்படி நின்ற கடலையில் ஈரம் மிச்சம் இருக்கும். மிட்டாய் போட்டபின் அந்த ஈரம் மெல்ல மெல்லப் பாகுக்குள் இறங்கும். பாகை எவ்வளவு சரியாகக் காய்ச்சியிருந்தாலும் நாலு நாளில் மிட்டாய் தளர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பழி மட்டும் பாகின் மேல் விழும்.

ஆறியதும் துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பருப்பு இரண்டாகப் பிளந்திருந்தால் நல்லது. தட்டையான முகம் பாகில் நன்றாகப் பிடிக்கும், கனமும் சீராக வரும். கடைசியாக ஓட்டை பெரிய சல்லடையில் ஒருமுறை சலித்து நொறுங்கலையும் தூளையும் பிரித்துவிட வேண்டும். 500 கிராமில் இரண்டு கைப்பிடித் தூள் இருந்தாலே பாகின் கணிசமான பங்கை அது இழுத்துக்கொள்ளும். பிறகு முழுப் பருப்புகளை ஒட்டவைக்கப் பாகு போதாமல், வெட்டும்போது மிட்டாய் உதிரும். அந்தத் தூளைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெல்லம்

கடையில் பாகு வெல்லம் என்று கேட்டால் கிடைப்பது இதற்குப் பொருத்தம். ஆனால் பெயரை மட்டும் நம்ப முடியாது. மூட்டைக்கு மூட்டை குணம் மாறும். கரும்புச் சாற்றைக் காய்ச்சும்போதே சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்துவிடும். அந்தப் பகுதி கொஞ்சம் இருந்தால் பாகு பூக்காமல், அதாவது மணல் மணலாகப் போகாமல், கண்ணாடி மாதிரி இறுகும். அதிகமாக இருந்தால் எந்தப் பதத்தில் இறக்கினாலும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கையில் எடுத்தாலே ஒட்டுகிற, விரலால் அமுக்கினால் குழிகிற வெல்லம் இந்த இரண்டாம் ரகம். அது பாயசத்துக்கு ஆகும், மிட்டாய்க்கு ஆகாது. உடைத்தால் கெட்டியாக, சத்தத்தோடு பிளந்து, உள்ளே பொடிப்பொடியாகத் தெரிவதுதான் வேண்டியது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் தேவையில்லை. வெளுக்க மருந்து போட்ட வெல்லத்திலும் அந்த நிறம் வரும்.

புது வெல்லம் வாங்கினால் முழு அளவில் இறங்குவதற்கு முன் 50 கிராமைச் சின்னத் தாளிப்புக் கரண்டியில் உருக்கிக் கெட்டிப் பதம் வரை காய்ச்சி, நெய் தடவிய தட்டில் ஒரு வட்டமாக ஊற்றிப் பார்ப்பது நல்லது. ஆறியதும் தட்டிலிருந்து கழன்று ஒடிந்தால் அந்த வெல்லத்தை நம்பலாம். ஒடியாமல் இழுத்தால், பதம் போதாமல் இருக்கலாம் என்று இன்னொரு முறை கூடுதலாகக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். அப்போதும் இழுத்தால் குறை வெல்லத்தில்தான். ஒடிகிறது, ஆனால் மேல்பக்கம் மங்கி மணலாக இருக்கிறது என்றால் பாகு பூக்கிறது. அந்த வெல்லத்துக்கு 350 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ குளுக்கோஸ் சேர்த்தால் போதும். இதற்கு எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்வார்கள். வெல்லப் பாகில் அதைத் தவிர்க்கலாம். புளிப்பு சர்க்கரையை மேலும் உடைத்துக்கொண்டே போகும், எங்கே நிற்கும் என்று கணிக்க முடியாது, பிசுபிசுப்பில் போய் முடியும்.

வெல்லத்தைத் தட்டி 90 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் வடிகட்டியில் ஊற்றி மண், சக்கை நீக்க வேண்டும். தண்ணீரை இதற்கு மேல் கூட்டினால் பதம் ஒன்றும் கெடாது. அந்தத் தண்ணீர் வற்றும் வரை கூடுதலாகக் கொதிக்கும், நேரம் ஆகும், நிறம் கறுக்கும். கரைத்த பாத்திரத்தைக் கழுவி அந்தத் தண்ணீரையும் பாகில் விடும் பழக்கம் வேண்டாம். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கரையாத குருணை ஒன்று போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் பூக்க ஆரம்பிக்க.

வாணலியும் தெர்மாமீட்டரும்

350 கிராம் வெல்லம் கடைசிக் கட்டத்தில் 250 மில்லிக்குச் சற்று மேலான பாகாகத்தான் இருக்கும். அதைத் தட்டையான அடி கொண்ட 20 சென்டிமீட்டர் பாத்திரத்தில் காய்ச்சினால் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. தெர்மாமீட்டரின் முனை பாகில் முழுதாக முங்காது, முங்க வைத்தால் அடியில் இடிக்கும். அடியில் பட்டால் பாகின் சூட்டைக் காட்டாமல் பாத்திரத்தின் சூட்டைக் காட்டும். அது 10 டிகிரிகூட அதிகமாக இருக்கலாம். அதை நம்பி இறக்கியவர்கள்தான் "147 பார்த்துத்தான் இறக்கினேன், ஆனாலும் ஒட்டுகிறது" என்பார்கள்.

அடி குழிந்த கனமான வாணலியில் இந்தச் சிக்கல் குறைவு. பாகு நடுவில் தேங்கும், ஆழம் கிடைக்கும். அளவு எடுக்கும்போது வாணலியைக் கொஞ்சம் சாய்த்து, பாகை ஒரு பக்கம் சேர்த்து, முனையை அடியில் தொடாமல் நடுப்பாகில் ஐந்தாறு விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஊசி மாதிரி நீண்ட முனையுள்ள, 200 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் போதும். துப்பாக்கி மாதிரி தூரத்திலிருந்து பார்க்கும் கருவி இதற்கு உதவாது. பாகின் மேலே நுரை நிற்கும். அது நுரையின் சூட்டைத்தான் படிக்கும், உள்ளே இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

எந்தத் தெர்மாமீட்டர் ஆனாலும் முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். 100 காட்டினால் சரி. 97 காட்டினால் இங்கே சொல்லும் எல்லா எண்களிலிருந்தும் 3 கழிக்க வேண்டும். ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதிக்கும். அங்கே பாகுக்கும் அதே 7 டிகிரி குறையும். ஆக, கருவியின் பிழையோ மலையின் உயரமோ எதுவானாலும் இந்த ஒரு கழித்தல் சரிசெய்துவிடும்.

பாகு

வடிகட்டிய வெல்லக் கரைசலை வாணலியில் விட்டு நடுத்தர தீ. முதலில் பெரிய குமிழ்களாகப் பொங்கும். வெல்லம் சர்க்கரையைவிட அதிகமாக நுரைக்கும். வாணலியில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். நெய் ஒரு தேக்கரண்டியை இப்போதே விட்டால் பொங்குவது அடங்கும்.

105 டிகிரியிலிருந்து 115 வரை ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் கட்டம் இது. தொட்டுப் பார்த்தால் கம்பிப் பதம். 115 டிகிரி அளவில் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும், அதிரசத்துக்கு எடுக்கும் உருட்டுப் பதம். கிண்ணத்தில் உள்ள தண்ணீர் அடிக்கடி சூடாகிவிடும், மாற்ற வேண்டும்; வெதுவெதுப்பான தண்ணீரில் பதம் பார்த்தால் நல்ல பாகும் இளகலாகத் தெரியும், தேவையில்லாமல் முற்றவைத்துவிடுவோம்.

120ஐத் தாண்டியதும் குமிழ் சிறிதாகிக் கெட்டிப்படும், வெடிக்கும் சத்தம் மந்தமாகும். 130 வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். இதற்கு மேல் பாகில் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான். ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போக எதுவும் இல்லாததால் டிகிரி மளமளவென்று ஏறும். பெருந்தீயில் விட்டால் 140க்கும் 155க்கும் இடையே ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. சிறு தீயில் 130லிருந்து 147 வரை நாலைந்து நிமிடம் எடுத்தது. அந்த வேகம்தான் கைக்கு அடங்கும். இந்தக் கட்டம் முழுக்க மரக்கரண்டியால் அடியோடு கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் கருகும்.

நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்வது வெள்ளைச் சர்க்கரைக்குச் சரி. வெல்லம் ஆரம்பத்திலேயே பழுப்பு என்பதால் 138க்கும் 147க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியது தண்ணீர்ப் பதம். ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, ஐந்து விநாடி கழித்து எடுக்க வேண்டும்.

135 டிகிரிப் பாகு தண்ணீருக்குள் இழையாக இறுகும். கையில் எடுத்து வளைத்தால் முதலில் கொஞ்சம் வளைந்து, பிறகுதான் ஒடியும். கடித்தால் முதல் கடியில் நொறுங்கி அடுத்த கடியில் ஒட்டும். நிறையப் பேர் இங்கேயே ஏமாந்து இறக்கிவிடுகிறார்கள்; ஒடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டோமே என்ற தைரியம். அந்த இரண்டாம் கடிதான் உண்மையான சோதனை. 147 டிகிரிப் பாகு வளையவே வளையாது. உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி டங்கென்று சத்தம் வரும். பல்லில் வைத்துக் கடித்து, இன்னும் நாலு முறை மென்றாலும் ஒட்டாமல் தூளாகிக் கரைந்துபோகும்.

இங்கே நடப்பது ஒரே ஒரு விஷயம்: பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரின் அளவு. 138 டிகிரியில் அது ஏறக்குறைய 5 சதவீதம், 147ஐத் தாண்டினால் ஓரிரு சதவீதம். தண்ணீர் கூடக்கூட, இறுகிய பாகு இளகத் தொடங்கும் சூடு இறங்கிக்கொண்டே வரும். 138 டிகிரித் தட்டில் அது அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதனால்தான் மிட்டாய் மறுநாள் காலையிலேயே வளைந்தது.

அதற்காக 155 வரை கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். வெல்லத்தில் உள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் தாது உப்புகளும் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகவைக்கும். 150ஐத் தாண்டினால் கருகல் வாடை அடிக்கும், 155ல் நாக்கில் கசப்பு நிற்கும். வெல்லத்துக்கு வெல்லம் இந்த எல்லை இரண்டு மூன்று டிகிரி மாறலாம். 145 முதல் 148 வரைதான் இடம். அடுப்பை அணைத்தபின்னும் கனமான வாணலியின் சூடு பாகை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றும் என்பதால் 146 காட்டும்போதே அணைத்துவிட்டால் கணக்குச் சரியாக இருக்கும். சுக்கும் ஏலக்காயும் இந்த நேரத்தில்தான் விழ வேண்டும். முன்பே போட்டால் வாசனை போய்விடும்.

கடலையைச் சூடாகப் போடுவது

பாகு சரியாக வந்தும் மிட்டாய் சீராக வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆறிய கடலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 147 டிகிரியில் 340 கிராம் பாகு இருக்கிறது. அதில் 30 டிகிரியில் உள்ள 500 கிராம் கடலையைக் கொட்டினால் கலவை ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் பாகு கரண்டியை விடாது. கடலை முழுக்கப் பரவுவதற்குள் கட்டி கட்டியாக இறுகும். அதைத் தளர்த்துவதற்காக மறுபடி அடுப்பில் வைத்தால் அடியில் உள்ள பாகு கருகும். தண்ணீர் தெளித்தால் அவ்வளவு நேரம் காய்ச்சியது வீண். அதே கடலை 100 டிகிரிச் சூட்டில் இருந்தால் கலவை 120 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். கிளறி, கொட்டி, தேய்க்க நிதானமாக நேரம் கிடைக்கும்.

அதனால் பாகு 130ஐத் தொட்டதும் பக்கத்து அடுப்பில் இன்னொரு வாணலியில் கடலையைச் சிறு தீயில் வைத்துவிட வேண்டும். ஓவன் இருந்தால் 100 டிகிரியில் தட்டோடு உள்ளே வைத்துவிடுவது இன்னும் சுலபம். கைகொள்ளாத சூடு ஏறியிருந்தால் போதும். பாகு அணைந்ததும் மொத்தமாகக் கொட்டி, அடியிலிருந்து மேலாக 30 விநாடி வேகமாகப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு பருப்பின் மேலும் மெல்லிய பளபளப்பு தெரிந்தால் உடனே பலகையில் கொட்டிவிடலாம். அதற்கு மேல் கிளறினால் பாகு மங்கும், பூக்கும் வாய்ப்பும் கூடும்.

147 டிகிரிப் பாகு தோலில் பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்தில் ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பதம் பார்க்கும் விரலைப் பாகில் நேரடியாக விடுபவர்களும் இருக்கிறார்கள். அதை வேலையாகவே செய்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

தேய்ப்பதும் வெட்டுவதும்

பலகை, பூரிக்கட்டை, கத்தி மூன்றிலும் முன்கூட்டியே நெய் தடவி வைத்திருக்க வேண்டும். கருங்கல் மேடையில் நேராகக் கொட்டினால் கல் சூட்டை உறிஞ்சி அடிப்பக்கத்தை உடனே இறுக்கிவிடும். மரப் பலகைதான் நிதானம் தரும். கனம் சீராக வர, பலகையின் இரண்டு ஓரத்திலும் 8 மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சட்டம் ஒன்று வைத்து, பூரிக்கட்டை அந்தச் சட்டங்களின் மேல் உருளும்படி தேய்த்தது இந்தத் தட்டில் நல்ல பலன் தந்தது. இந்த அளவுக் கலவை 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சற்று மேல் பரவும். 12 மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டால் ஒடிப்பது கஷ்டம், நடுவில் சூடு நின்று சீக்கிரம் ஆறாது. 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அரைப் பருப்புகூட உள்ளே படியாமல் துருத்தி நிற்கும்.

அழுத்தித் தேய்ப்பதும் முக்கியம். பருப்புகளுக்கு இடையில் காற்று நின்றால் ஒடிவது அந்த ஓட்டைகளின் வழியே கோணல்மாணலாகப் போகும். நேர்கோட்டில் ஒடிய வேண்டுமென்றால் உள்ளே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும்.

வெட்டும் நேரம் தேய்த்ததிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வந்து போய்விடும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்க வேண்டும். குழி தானாக மூடினால் இன்னும் சூடு அதிகம், குழியே விழாவிட்டால் தாமதமாகிவிட்டது. நீளக் கத்தியை இழுக்காமல் மேலிருந்து நேராக அமுக்கி, கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் இறங்கும்படி கோடு போட வேண்டும். முழுக்க வெட்டத் தேவையில்லை. ஆறியபின் அந்தக் கோட்டில் மேசை விளிம்பை வைத்து அழுத்தினால் சீராக ஒடிந்து வரும். விளிம்பில் தெரியும் முகமும் கத்தி பட்டு மழுங்காமல் பளபளப்பாக இருக்கும். தாமதமாகிவிட்டால் இறுகியதை அப்படியே வெட்ட முயல வேண்டாம், கண்டபடி தெறிக்கும். தட்டில் மாற்றி 100 டிகிரி ஓவனில் மூன்று நிமிடம், அல்லது சூடான தோசைக்கல்லின் மேல் தட்டோடு ஒரு நிமிடம் வைத்தால் கத்தி இறங்கும் அளவுக்கு இளகும். இதில் பாகின் பதம் கெடுவதில்லை.

ஆறவைப்பதும் அடைப்பதும்

மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் போதும் என்பது வறண்ட நாளுக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே அரை மணி நேரத்தில் மேல்பக்கம் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். இறுகிய பாகு காற்றில் உள்ள ஈரத்தைச் சும்மா விடாது. உள்ளங்கைச் சூட்டுக்கு வந்ததும், அதற்கு மேல் தாமதிக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வெண்ணெய்த்தாள் இடையிட்டு அடுக்கிவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே அடைத்தால் மூடியில் ஆவி வேர்த்துத் திரும்ப மிட்டாயின் மேலேயே சொட்டும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் இதே வினைதான். வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும்.

147 டிகிரித் தட்டை இப்படி அடைத்ததில் ஒரு வாரம் கழித்தும் அதே சத்தத்தோடு ஒடிந்தது. திறந்த தட்டில் சோதனைக்கு விட்ட துண்டு மூன்றாம் நாளே விரலில் ஒட்டியது. சோதிப்பதென்றால் போட்ட அன்று சோதிப்பதில் பயனில்லை; மறுநாள் ஒரு துண்டு, வாரம் கழித்து ஒரு துண்டு என்று ஒடித்துப் பார்த்தால்தான் பதம் தெரியும்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். கடலை கிலோ 150 ரூபாய், வெல்லம் கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடலைக்கு 83, வெல்லத்துக்கு 25, நெய், சுக்கு, ஏலக்காய்க்கு 10 சேர்த்து 118 ரூபாய். வாணலியில் ஒட்டியது போக 820 கிராம் மிட்டாய் கிடைக்கும். ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும். 2020ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியும், கடலைதான் முன்னே நிற்கும், பாகு அதை ஒட்டவைக்கும் அளவுக்குத்தான். இங்கே சொன்ன 500க்கு 350 என்பதை அடுத்த தட்டில் 500க்கு 320 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் தூள் சலிப்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாது, பாகு குறையக்குறைய உதிர்வது கூடும்.

எள்ளுக்கு மாற்ற வேண்டியவை

எள் மிட்டாய்க்கும் பாகு அதே 145 முதல் 148 தான். மற்ற அளவுகள் மாறும். எள் பொடி என்பதால் பாகு பூச வேண்டிய பரப்பு மிக அதிகம். 250 கிராம் எள்ளுக்கு 230 கிராம் வெல்லமாவது வேண்டும். எள்ளில் மண் இருக்கும். தண்ணீரில் அரித்து, துணியில் பரப்பி, முழுக்கக் காயவைத்த பிறகே வறுக்க வேண்டும், ஈர எள் வெடிக்காமல் வேகத்தான் செய்யும். சிறு தீயில் படபடவென்று வெடிக்கத் தொடங்கி, சத்தம் குறையும்போது இறக்கிவிட வேண்டும்; வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கசந்துவிடும். அதனால் எள்ளைச் சூடாக வைத்திருப்பதற்கு அடுப்பை நம்பாமல் 90, 100 டிகிரி ஓவனை நம்புவது நல்லது. ஓவன் இல்லையென்றால் எள்ளைப் பாகு 130 டிகிரியில் இருக்கும்போது வறுக்கத் தொடங்காமல், வறுத்து முடித்து மூடிவைத்து, பாகு 140 வந்ததும் ஒரு நிமிடம் மட்டும் சூடுகாட்டினால் போதும்.

கனம் 4 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியது ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும் என்பதால் இரண்டு வெண்ணெய்த்தாள்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, மேல் தாளை உரித்து உடனே கோடு போட வேண்டும். முழு அளவையும் ஒரே தடவையில் தேய்க்க ஆள் இல்லாவிட்டால் பாதியைச் சூடான வாணலியிலேயே விட்டுவைத்து இரண்டு தட்டாகப் போடலாம். இரண்டாவது தட்டு கொஞ்சம் கறுப்பாக வரும், ஒடிவதில் குறையிராது.